யார், எதை, எந்தத் தேதிக்குள்?

சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதோடு கூட நான்கு நீள நோட்டுப் புத்தகங்களும் வந்தன. எனக்கு முன்பு இருந்தவர்கள் எழுதிய கூட்டக் குறிப்புகள். அழகான கையெழுத்து, ஒரு கூட்டம்கூட விடுபடவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்க் கசிவுத் தடுப்பு வேலை செய்தவர் எத்தனை ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார் என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். அதைத் தேடி நோட்டைப் புரட்டினேன். அந்த வேலையைப் பற்றி மட்டும் பதினோரு பக்கம் இருந்தது. யார் யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள், நடுவில் மின்சாரம் போய்க் கூட்டம் கால் மணி நேரம் நின்றது, எல்லாம் இருந்தது. வேலையை யாருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று, என்ன நிபந்தனையில், யார் கையெழுத்திட வேண்டும் என்பது மட்டும் இல்லை. கடைசி வரி, "பின்னர் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்." எதை ஏற்றுக்கொண்டார்கள்?

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வுக்கு வருகிறவர்கள் தீர்மானப் புத்தகத்தை எப்படிப் படிப்பார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சைப் படிப்பதில்லை. பணம் போன தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் தேதியிட்ட முடிவு ஒன்று இருக்கிறதா என்று தேடுவார்கள். கூட்டத்துக்கு வராதவர், ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து, ஒரு காரியமாகத் தேடி வந்து படிக்கப்போகும் காகிதம் அது. அவரை மனத்தில் வைத்து எழுதினால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது புதுக் கருத்து ஒன்றும் இல்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளரான ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறைக் கையேட்டிலேயே, செயலாளர் பதிய வேண்டியது அவை செய்ததைத்தான், உறுப்பினர்கள் பேசியதை அல்ல என்ற விதி இருக்கிறது. பிரிட்டனில் 1916 டிசம்பர் வரை அமைச்சரவைக் கூட்டத்துக்கு முறையான குறிப்பே கிடையாது. பிரதமர் மன்னருக்கு எழுதும் கடிதம்தான் பதிவு. முந்தைய கூட்டத்தில் என்னதான் முடிவாயிற்று என்று ஓர் அமைச்சரின் செயலர் பிரதமரின் செயலருக்குக் கடிதம் போட்டுக் கேட்ட கதையெல்லாம் உண்டு. போர்க்காலத்தில் லாயிட் ஜார்ஜ் வந்ததும் மாரிஸ் ஹாங்கி என்பவரை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் செய்தார். ஹாங்கி வளர்த்த வழக்கத்தில் அந்தக் குறிப்புக்குப் பெயரே 'முடிவுகள்' என்று ஆனது.

நம் ஊர்க் கூட்டங்களில் இது ஏன் வழுக்கிப் போகிறது? என் அனுபவத்தில் காரணம் எழுதுகிறவரின் சோம்பலோ மொழித்திறனோ இல்லை. பல கூட்டங்களில் முடிவே எடுக்கப்படுவதில்லை. நிறையப் பேசிவிட்டதால் எடுத்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். "பார்த்துப் பண்ணிடலாம்", "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்", "ஆடி கழியட்டும்" என்று பேச்சு இறங்கும்போதே தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். எழுதுகிறவர் என்ன செய்வார்? முடிவு இல்லாத இடத்தில் பேச்சை எழுதி நிரப்புவார். முழு உரையாடலையும் எழுதி வைத்திருக்கும் குறிப்பு பெரும்பாலும் முடிவெடுக்காத கூட்டத்தின் குறிப்புதான்.

அதனால் நான் செய்யும் முதல் வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அஜெண்டாவில் "சம்ப் கசிவு" என்று போட்டால் எல்லோரும் கசிவைப் பற்றிப் பேசுவார்கள், கலைந்து போவார்கள். அதையே கேள்வியாக மாற்றிவிடுகிறேன். "சம்ப் கசிவு: இப்போதே சரிசெய்வதா, பொதுக்குழு வரை காத்திருப்பதா? மூன்று கொட்டேஷன்களில் எது? பணம் எந்தக் கணக்கிலிருந்து?" இந்தக் கேள்விகளுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு அச்செடுத்துக் கொண்டு போவேன். அந்த வெற்றிடம் நிரம்பாமல் அடுத்த பொருளுக்குப் போக மாட்டேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவராக இருந்தால் இடது பக்கத்தைப் பேச்சுக்கும் வலது பக்கத்தை முடிவுக்கும் ஒதுக்குங்கள். இடது பக்கம் கோழி கிளறியதுபோல் இருந்தாலும் பரவாயில்லை. அதை உங்களைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. வலது பக்கம் காலியாகக் கிடந்தால் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

சம்ப் கதையையே முழுதாகச் சொல்கிறேன். 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டம். எங்கள் சம்ப் ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம். 60,000 லிட்டர் கொள்ளும். ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே வரும் குழாயை மூடி, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, காலை ஐந்து மணிக்கு அளந்தால் மட்டம் பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதாவது ஓர் இரவுக்கு 2,400 லிட்டர். ஐந்து இரவுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது.

கூட்டத்தில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி.

"போன வருஷமே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்று தொடங்கினார் பி பிளாக் தரைத்தளத்துக்காரர்.

"சார், அதை விடுங்க. கொட்டேஷன் மூணு வந்திருக்கு. கம்மியானது 1,62,000. அவனுக்கே கொடுத்துடலாமே?" என்றார் ஏ பிளாக் தம்பி.

"கேரண்டி எழுத்துல தரமாட்டேங்கிறான்ப்பா. வாய்ல அஞ்சு வருஷம்ங்கிறான்" என்றார் பொருளாளர்.

"ரெண்டாவது ஆள் 2,10,000 போட்டிருக்கார். எழுத்துல அஞ்சு வருஷம் தர்றார். நான் போன்ல பேசினேன், 1,95,000-க்கு இறங்கி வர்றேன்னார்" இது தலைவர்.

"ரெண்டு லட்சத்துக்கு மேல போனா பொதுக்குழுவுக்குப் போகணும். இது உள்ளே அடங்கிடுது, நல்லதாப் போச்சு."

"என்னைக் கேட்டா மொத்த சம்பையும் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டணும். பூச்சுப் பூசி என்ன பிரயோஜனம்?" என்றார் சி பிளாக் பெரியவர்.

"அண்ணா, அதுக்கு யாரு பணம் கொடுப்பா?"

"வேலை நடக்கிறப்போ தண்ணிக்கு என்ன பண்றது? எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு மேடம்."

"லாரியை நேரா மேல்தொட்டிக்கு ஏத்தச் சொல்லலாம்."

"ஆடிக்கு முன்னாடி ஆரம்பிச்சுடணும். அப்புறம் ஆளும் வரமாட்டான், மழையும் வந்துடும்."

"சரி, தலைவர் பேசி முடிச்சுடுவார். அடுத்தது என்ன?"

அடுத்ததற்குப் போகும் அந்த நொடிதான் குறிப்பெழுதுகிறவருடைய நேரம். நான் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம். நான் எழுதினதைப் படிக்கிறேன், சரியான்னு பாருங்க" என்றேன். "வேலை இரண்டாவது ஒப்பந்தக்காரருக்கு, 1,95,000 ரூபாய்க்கு. இதை எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?" சி பிளாக் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் எதிர்ப்பை எழுதிக்கோம்மா" என்றார். எழுதிக்கொண்டேன். "1,95,000 போனில் சொன்னது. எழுத்தில் யார் வாங்குவது?" அறை அமைதியானது. தலைவர் தான் வாங்குவதாகச் சொன்னார். "எந்தத் தேதிக்குள்?" "இந்த வாரத்துக்குள்ள." "சனிக்கிழமை, 15-ஆம் தேதின்னு போடட்டுமா?" "போடுங்க." "அவர் எழுத்தில் 1,95,000 தரவில்லை என்றால்?" இதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் பேசி, இரண்டு லட்சம் வரை தலைவரும் பொருளாளரும் சேர்ந்து முடிவெடுக்கலாம், அதைத் தாண்டினால் மறுபடியும் குழுவுக்கு வர வேண்டும் என்று ஆனது. அந்த இடைமறிப்புக்கு மொத்தமாக எட்டுப் பத்து நிமிடம் பிடித்திருக்கும். கொஞ்சம் எரிச்சலும் பட்டார்கள். ஆனால் குறிப்பில் இருப்பதில் முக்கால்வாசி அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்ததுதான். அதற்கு முந்தைய முக்கால் மணி நேரப் பேச்சிலிருந்து வந்தது இரண்டு மூன்று வரி.

கடைசியில் எழுதியது இது:

பொருள் 3: சம்ப் கசிவு

பின்னணி: இரவு 6 மணி நேரச் சோதனையில் நீர்மட்டம் 10 செ.மீ. (சுமார் 2,400 லிட்டர்) இறங்கியது. மூன்று கொட்டேஷன்கள் பரிசீலிக்கப்பட்டன: ரூ.1,62,000, ரூ.2,10,000, ரூ.2,35,000. குறைந்த தொகை கேட்டவர் எழுத்து மூலம் உத்தரவாதம் தர மறுத்ததால் ஏற்கப்படவில்லை.

முடிவு: 5 ஆண்டு எழுத்து உத்தரவாதத்துடன் இரண்டாவது ஒப்பந்தக்காரருக்கு வேலை வழங்கப்படுகிறது. தொகை ரூ.1,95,000. எழுத்தில் தொகை கூடினால் ரூ.2,00,000 வரை தலைவரும் பொருளாளரும் இணைந்து ஏற்கலாம். அதற்கு மேல் போனால் மீண்டும் குழுவின் முடிவு தேவை. செலவு கார்பஸ் நிதியிலிருந்து. பணம் மூன்று தவணை: வேலை தொடங்கும்போது ரூ.78,000, பூச்சு முடிந்ததும் ரூ.78,000, நீர் நிரப்பி 48 மணி நேரம் வைத்து மட்டம் இறங்கவில்லை என்று உறுதியான பின் ரூ.39,000.

எதிர்ப்பு: சி-302 (சம்பைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அவர் கருத்து).

செயல்கள்:
திருத்திய கொட்டேஷனும் உத்தரவாதக் கடிதமும் எழுத்தில் பெறுதல் – தலைவர் – 15.6.2024, சனி
ஒர்க் ஆர்டரில் கையெழுத்திட்டு முதல் தவணை கொடுத்து, வேலையைத் தொடங்கிவைத்தல் – பொருளாளர் – 24.6.2024, திங்கள்
வேலை நாட்களில் லாரித் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்ற ஏற்பாடு செய்து, நேரத்தை எல்லா வீடுகளுக்கும் அறிவித்தல் – பி-104 – 20.6.2024, வியாழன்
48 மணி நேரச் சோதனையை அளந்து, அளவைக் குழுவில் பகிர்தல் – ஏ-201 – 11.7.2024, வியாழன்

நான்கு நோட்டுகளில் இருந்த நடையில் எழுதியிருந்தால் இது நான்கு பக்கம் வந்திருக்கும். இதில் பி பிளாக்காரர் போன வருஷமே சொன்னது இல்லை. கைக்குழந்தை இல்லை, ஆடி இல்லை. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டின் கவலை லாரித் தண்ணீர் ஏற்பாடாகவும், ஆடிக் கவலை ஜூன் 24 என்ற தேதியாகவும் உள்ளே வந்துவிட்டன. பேச்சில் சாரம் எதுவோ அது செயலாக மாறிவிட்டால் பேச்சைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

பேச்சிலிருந்து எதையுமே எடுக்கக்கூடாது என்று சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒற்றை வரியில் "சம்ப் பழுது பார்க்க முடிவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதுவும் ஆபத்து. குறைந்த கொட்டேஷனை ஏன் விட்டோம் என்று அடுத்த வருட பொதுக்குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்கான பதில் ஒரு வரி குறிப்பில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கமிஷன் வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சுதான் பதிலாக நிற்கும். முடிவுக்கு ஆதாரமான எண், நிராகரித்த மாற்று வழியும் அதற்கான காரணமும், யாருடைய அதிகாரத்தில் எவ்வளவு தொகை, கேட்டுக்கொண்டவரின் எதிர்ப்பு, உறுப்பினர் ஒருவருக்கு அந்த ஒப்பந்தக்காரரோடு உறவோ தொழில் தொடர்போ இருந்தால் அதை அவர் சொல்லிவிட்டு ஒதுங்கினார் என்ற தகவல்: பேச்சிலிருந்து இவற்றை மட்டும் காப்பாற்றுகிறேன். கம்பெனிகளின் இயக்குநர் கூட்டங்களுக்குச் சட்டமே இப்படித்தான் சொல்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநரின் பெயர் குறிப்பில் இருக்க வேண்டும் என்கிறது. அவதூறானதையும் தொடர்பில்லாததையும் விட்டுவிடத் தலைவருக்கு அதே பிரிவு உரிமை கொடுக்கிறது. எங்களைப் போன்ற பதிவு பெற்ற சங்கங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, எங்களுக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் எங்கள் துணைவிதியும்தான். ஆனாலும் நல்ல வழக்கத்தை எங்கிருந்து கடன் வாங்கினால் என்ன?

செயல் வரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது அங்கேதான். "ஒப்பந்தக்காரரிடம் பேசப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதுவது நமக்கு மரியாதையாகப் படுகிறது. யாரையும் சுட்டிக்காட்டாமல் தப்பிவிடலாம். பேசப்போவது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. வரியை ஆள்பெயரோடு எழுதப் பழகிக்கொண்டால் இந்த ஓட்டை தானாக அடைபடும். "குழு" என்று எழுதினால் பொறுப்பாளர் இல்லை என்று அர்த்தம். இரண்டு பேர் பெயர் எழுதினால் இவர் பார்ப்பார் என்று அவரும், அவர் பார்ப்பார் என்று இவரும் இருப்பார்கள். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரட்டும், வரியில் ஒரு பெயர் போதும். பிளம்பர், மேனேஜர், ஒப்பந்தக்காரர் ஆகியோர் பெயரையும் போட மாட்டேன். அவர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதும் இல்லை, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வருவதும் இல்லை. அவர்களை விரட்டி வேலை வாங்கும் உறுப்பினரின் பெயர்தான் வேண்டும். கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அப்படி ஆனால் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கும் பொறுப்பை வந்திருக்கும் ஒருவர் பெயரில், நாளை என்ற தேதியோடு எழுதிவிடுவேன்.

தேதியும் அப்படித்தான். "விரைவில்", "அடுத்த வாரம்", "தீபாவளிக்குள்" எதுவும் தேதி ஆகாது. அடுத்த வாரம் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னால் நாளை தொடங்குவதா, அதற்கு அடுத்ததா? நாளும் கிழமையும் சேர்த்து எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். 15 என்பதை 16 என்று தட்டிவிட்டால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அடுத்த கூட்டம் ஜூலை 14. கடைசி வேலைக்கு ஜூலை 11 என்று போட்டதற்குக் காரணம், கூட்டத்தன்று காலையில் அவசரமாகச் சம்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுக்கக் கூடாது என்பதுதான். மூன்று நாள் இடைவெளி இருந்தால், சோதனையில் மட்டம் இறங்கியிருந்தாலும் கூட்டத்துக்கு முன்பு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.

வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும் என்பதையும் வரிக்குள் வைத்துவிட வேண்டும். "ஒப்பந்தக்காரரிடம் பேசுதல்" என்றால் தலைவர் ஒரு போன் போட்டுவிட்டு முடித்தாயிற்று என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. "எழுத்தில் பெறுதல்" என்றால் காகிதம் கையில் இருந்தாக வேண்டும். "சோதித்தல்" என்று விடாமல் "அளவைக் குழுவில் பகிர்தல்" என்று எழுதியதும் அதனால்தான்.

கூட்டம் முடிந்த அன்று இரவே எழுதிவிடுகிறேன். மறுநாள் காலையில் இடது பக்கத்துக் கிறுக்கலில் பாதி எனக்கே புரியாது. குழுவில் பகிரும்போது வரிசையைத் தலைகீழாக்கி, செயல் வரிகளை முதலில் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் யாரும் "மேலும் படிக்க" என்பதை அமுக்குவதில்லை. தன் வீட்டு எண்ணும் தேதியும் முதல் திரையிலேயே தெரிந்தால் அந்த ஆள் நிற்பார். திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று ஒரு வரி. கம்பெனிகளுக்கு வரைவை 15 நாளில் அனுப்பி, கருத்துச் சொல்ல 7 நாள் தருவது விதி; குடியிருப்புச் சங்கத்துக்கு அது ரொம்ப நீளம். அதற்குள் முதல் தேதியே கடந்துவிடும்.

திருத்தம் என்ற பேரில் இரண்டு வகை வரும். ஒன்று, நான் தவறாகக் கேட்ட எண், விட்டுப்போன நிபந்தனை. அதை உடனே சரிசெய்துவிடலாம். இன்னொன்று, வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து மனம் மாறியவர் முடிவையே மாற்றக் கேட்பது. "யோசிச்சுப் பாத்தா ஏழு வருஷ கேரண்டி கேக்கலாமே மேடம், அப்படியே மாத்திடுங்க" என்று ஒருவர் செய்தி போட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அன்று கூட்டம் அப்படி முடிவெடுக்கவில்லை. அடுத்த கூட்ட அஜெண்டாவில் சேர்க்கிறேன் என்று பதில் போட்டேன். அடுத்த கூட்டத்தில் படித்து உறுதிசெய்து தலைவர் கையெழுத்திட்ட பிறகு அந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. பிழை தெரிந்தால் புதுக் கூட்டத்தின் குறிப்பில் இன்ன தேதிக் குறிப்பின் இன்ன வரி இப்படித் திருத்தப்படுகிறது என்று எழுதுவதுதான் சரி.

முடியாத வேலைகள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பலரும் பழைய தேதியை அழித்துப் புதிய தேதியைப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மாதமும் எல்லா வேலையும் இளமையாகவே இருக்கும். நான் முதல் தேதியை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய தேதியை எழுதுகிறேன். எங்கள் பழைய லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வரியில் மூன்று தேதிகள் வரிசையாக நின்றன. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதைப் பார்த்த பொறுப்பாளரே, "என்னால முடியல, வேற யாராவது எடுத்துக்குங்க" என்றார். இரண்டு முறை தள்ளிப்போன வேலை மூன்றாவது முறை செயல் பட்டியலில் இருக்கக் கூடாது, அஜெண்டாவுக்குக் கேள்வியாக வர வேண்டும்: இது இன்னும் தேவையா, ஆள் மாற்ற வேண்டுமா, பணம் போதவில்லையா?

"நான் சொன்னதைப் போடவே இல்லையே" என்று கேட்கும் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. அவரோடு வாதாடுவதில் பயனில்லை. உங்கள் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், இணைப்பாக வைத்துவிடுகிறேன் என்று சொல்வேன். எழுதிக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்தவர்களின் காகிதம் உண்மையிலேயே வைக்கத் தகுந்ததாக இருந்தது. கூட்டத்தில் நடந்த சண்டை குறிப்பில் வராது. பராமரிப்புப் பணம் பாக்கி வைத்த வீடுகளின் எண்களும் எல்லோரும் பார்க்கும் பிரதியில் வராது. மொத்தப் பாக்கி எவ்வளவு, வசூலிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது போதும்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதைப் பற்றிக் கேட்பார்கள். எல்லோருடைய சம்மதத்தோடு, எண்களைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். குறிப்பு உறுதியானதும் அழித்துவிடுவது என் வழக்கம். பதிவு இருக்கிறதே என்ற தைரியத்தில் கூட்டத்தில் இடைமறிக்காமல் விட்டுவிட்டால், வீட்டில் இரண்டு மணி நேரம் கேட்டாலும் எடுக்காத முடிவு அதில் கிடைக்காது.

வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டிய இடங்களும் உண்டு, அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டமன்றத்தில் பேச்சே பதிவு. ஊழியர் மீதான துறை விசாரணையில் கேள்வியையும் பதிலையும் அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே சாரம் எழுதினால் பிறகு எடுபடாது. எங்கள் சங்கத்திலேயே காவலாளி மீது திருட்டுப் புகார் வந்தபோது அவரும் புகார் சொன்னவரும் கூறியதைத் தனித் தாளில் அப்படியே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். கூட்டக் குறிப்பில் "வாக்குமூலங்கள் இணைப்பில்" என்று ஒரு வரி மட்டும்.

கடைசியாக, யார் எழுதுவது என்பது. தலைவர் எழுதக் கூடாது. கூட்டத்தை நடத்திக்கொண்டே முடிவுகளைப் பிடிக்க முடியாது. எழுதுகிறவரால் அதிகம் பேசவும் முடியாது, அதனால்தான் இந்த வேலை குழுவில் வயதில் இளையவர் தலையிலோ அறையில் இருக்கும் ஒரே பெண் தலையிலோ வந்து விழுகிறது. அவர்களுக்குப் பெரியவர்களின் பேச்சை இடைமறிக்கத் தயக்கம் இருக்கும். இடைமறிக்காமல் எழுதினால் மறுபடியும் பதினோரு பக்கம்தான் வரும். நீங்கள் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தால் எழுதுகிற வேலையைச் சுற்றுமுறையில் விடுங்கள். எழுதுகிறவர் எந்த நேரத்திலும் கையைத் தூக்கி "என்ன முடிவு, யார், எப்போது?" என்று கேட்கலாம், பதில் வரும்வரை அடுத்த பொருள் தொடங்காது என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.